மேலதிகாரியிடம் 15 நிமிடம் கேட்டு மெயில் எழுதுவது: இரண்டு நேரம் சொல்லிக் கேட்கும் முறை

பெங்களூருவில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் ஒரு மூத்த அதிகாரிக்குச் செயலாளராக இருந்தேன். அவருக்கு வரும் மெயில்களை முதலில் பார்ப்பது நான்தான். சந்திக்க நேரம் கேட்டு வருபவற்றில் எதற்கு அன்றைக்கே பதில் போகும், எது மூன்று நாள் கிடந்து அடியில் போய்விடும் என்று போகப் போக ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். உடனே பதில் வாங்கிய மெயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது குணம் உண்டு. படித்த கையோடு, காலெண்டரைத் திறக்காமல், யாரையும் கேட்காமல், ஒரே வார்த்தையில் பதில் போடும்படி இருக்கும். அந்த மாதிரி ஒரு மெயிலை எப்படி எழுதுவது என்று என் அண்ணன் மகளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அவள் மதுரையிலிருந்து வந்து என்னோடு ஹலசூரில் தங்கி, மாரத்தஹள்ளி பக்கம் ஒரு ஆபீசில் ரிப்போர்ட் தயாரிக்கும் டீமில் வேலை பார்க்கிறாள். 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு லேப்டாப்போடு வந்து, "அத்தை, இதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, எங்க டிவிஷன் ஹெட்டுக்கு அனுப்பணும், மூணு லெவல் மேல இருக்கிறவங்க" என்றாள். அவள் எழுதியிருந்தது ஏறக்குறைய இது. ஆபீசில் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் தருகிறேன், அமைப்பு ஒன்றுதான்.

> மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ரிப்போர்ட்டிங் டீமில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். புதிய சிஸ்டத்துக்கு மாறுவது தொடர்பாக உங்களிடம் சில விஷயங்கள் பேச விரும்புகிறேன். உங்கள் வேலைகளுக்கு நடுவில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மரியாதையான மெயில்தான். நம் ஊரில் பெரியவரிடம் ஒன்று கேட்கப் போனால் இப்படித்தான் கேட்போம், வாசலில் நின்று, நலம் விசாரித்து, அவர் "சொல்லும்மா" என்ற பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வோம். நேரில் அது சரி, எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் பேச்சை நகர்த்தலாம். மெயிலில் அவர் "சொல்லும்மா" என்று சொல்ல வேண்டுமென்றால் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். "சில விஷயங்கள்" என்றால் என்ன, "கொஞ்சம் நேரம்" என்றால் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா, "எப்போது வசதியோ" என்றால் இன்றைக்கா அடுத்த மாதமா? மூன்றுக்கும் அவரே விடை தேட வேண்டும். அப்படிப்பட்ட மெயிலை என் அதிகாரி "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது.

முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

மெயிலைத் தொடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். "இந்தச் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது அவர் வாயிலிருந்து எந்த ஒரு பதில் உன் கையில் இருக்கணும்?" என்று கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். பழைய ரிப்போர்ட் சிஸ்டம் அக்டோபர் 31-ஓடு நிற்கப் போகிறது, ஃபைனான்ஸ் ஆட்கள் நவம்பர் மாதக் கணக்கையும் பழையதில் ஒரு தடவை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள், ஆபரேஷன்ஸ் ஆட்களோ இரண்டையும் ஓட்டினால் டீமில் இரண்டு பேர் முழு மாதமும் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள், நிறுத்து என்கிறார்கள். பழைய சர்வரை இன்னொரு மாதம் வைத்துக்கொள்வதானால் அக்டோபர் 17, வெள்ளிக்கிழமைக்குள் சப்ளையருக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு டிபார்ட்மென்ட்டும் இந்த அம்மாவுக்குக் கீழே வருவதால் அவரைத் தவிர வேறு யாரும் முடிவு சொல்ல முடியாது.

அப்போ கேள்வி இதுதான்: பழைய ரிப்போர்ட்டை நவம்பரிலும் ஓட்டுவதா, அக்டோபர் 31-ஓடு நிறுத்துவதா?

இந்த ஒரு வாக்கியம் கைக்கு வந்ததும் இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், இதற்குச் சந்திப்பு தேவையா என்று. ஆமா இல்லை என்று மெயிலிலேயே பதில் வாங்கிவிட முடியுமென்றால் சந்திப்பு கேட்காதீர்கள், கேள்வியையே அனுப்புங்கள், அவர் அதற்காகவே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார். அண்ணன் மகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அவர் எதிர்க்கேள்வி கேட்பார், "எந்த இரண்டு பேர், அவர்கள் வேறு எந்த வேலையில் இருக்கிறார்கள்?" என்பார். அதை மெயிலில் வைத்துக்கொண்டால் ஏழெட்டு தடவை போய் வரும். அதனால் 15 நிமிடம் கேட்பது நியாயம்.

அதோடு, மூன்று படி மேலே போவதால், நடுவில் இருக்கும் மேனேஜருக்கு முதலில் தெரிய வேண்டும். அவள் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். நான் விடவில்லை. அப்போதே மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லி, அவர் "சரி, என்னை காப்பியில் வை" என்று பதில் போட்ட பிறகுதான் மேலே போனோம். மேனேஜருக்குத் தெரியாமல் வரும் மெயிலை மேலே இருப்பவர் திறந்தவுடன் முதல் காரியமாக அந்த மேனேஜருக்கே ஃபார்வர்டு செய்து "இது என்ன?" என்று கேட்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன இரண்டு நேரமும் வீண்தான்.

ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை

ஒரே ஒரு நேரத்தைச் சொல்லிக் கேட்டால், மேலே இருப்பவரை நீங்கள் வரச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் அவருக்கு முடியாது என்றால் "முடியாது" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். நான்கைந்து நேரம் கொடுத்தால் தாராளமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அவர் ஒவ்வொன்றையும் காலெண்டரோடு ஒப்பிட வேண்டும். அதைவிட, நான்கைந்தையும் நீங்கள் பதில் வரும் வரை காலியாக வைத்திருக்க வேண்டும், அது நடக்காது. நடுவில் யாராவது ஒன்றில் மீட்டிங் போட்டுவிடுவார்கள், அவர் சரியாக அதைத்தான் தேர்ந்தெடுப்பார், நீங்கள் "மன்னிக்கணும், அந்த நேரம் இப்போது இல்லை" என்று எழுத வேண்டிவரும். மூத்த ஒருவருக்கு எழுதக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இரண்டு என்றால் உங்களால் காக்க முடியும், அவரால் ஒரு பார்வையில் முடிவு செய்யவும் முடியும்.

ஆனால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். செவ்வாய் காலை 10, செவ்வாய் காலை 11 என்று கொடுத்தால் அது ஒன்றுக்குச் சமம், செவ்வாய்க்கிழமை அவருக்குப் போச்சு என்றால் இரண்டுமே போச்சு. வேறு வேறு நாள், அதுவும் நாளின் வேறு வேறு பகுதி. ஒன்று முற்பகல் பக்கம் என்றால் இன்னொன்று மாலைப் பக்கம். தினமும் காலையில் ரிவ்யூ இருப்பவருக்கு மாலை ஒத்துவரும், சாயங்காலம் அமெரிக்காக்காரர்களோடு பேசுபவருக்குக் காலை ஒத்துவரும். எது அவர் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியாதபோது இரண்டையும் வைத்துவிடுவது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மெயில் அனுப்பும் நாளுக்கும் முதல் நேரத்துக்கும் நடுவில் ஒரு முழு வேலை நாளாவது இருக்கட்டும். திங்கள் காலையை விட்டுவிடுங்கள், வாரத்து ரிவ்யூக்கள் எல்லாம் அன்றைக்குத்தான். கர்நாடகாவின் விடுமுறைகளையும் பாருங்கள், நம் மனதில் ஓடுவது தமிழ்நாட்டுக் காலெண்டர். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை, நம் ஆட்கள் வெள்ளி ராத்திரியே மடிவாளாவில் பஸ் ஏறிவிடுவார்கள். இங்கே பலிபாட்யமி என்று புதன், அக்டோபர் 22-ம் விடுமுறை, அதனால் நடுவில் இருக்கும் செவ்வாயையும் சேர்த்துப் பலர் லீவு போட்டு விடுவார்கள். ஆக 20-ம் தேதி வாரத்தில் எதையும் நம்ப முடியாது, அவள் கெடுவும் 17-ம் தேதியோடு முடிகிறது, அதனால் 14-லிருந்து 16-க்குள் இரண்டு நேரம் கண்டுபிடித்தாக வேண்டும்.

காலெண்டரில் காலியாகத் தெரிவது காலி இல்லை

அவுட்லுக்கில் மீட்டிங் போடப் போனால் Scheduling Assistant என்று ஒன்று இருக்கும், அதில் மேலதிகாரியின் நாள் நீலக் கட்டங்களாகத் தெரியும். அவள் அதைத் திறந்து, "அத்தை, செவ்வாய் 2:30 காலி, வியாழன் காலை 11:15 காலி" என்றாள். நான் கட்டங்களின் மேலும் கீழும் பார்க்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேர மீட்டிங் முடிந்ததும் வரும் அரை மணி இடைவெளி உண்மையில் இடைவெளி இல்லை. முந்தைய மீட்டிங் இழுக்கும், இல்லாவிட்டால் அவர் காபி குடித்துவிட்டுப் பாத்ரூம் போய்விட்டு வருவதற்கு அதுதான் நேரம். என் அதிகாரியின் காலெண்டரில் நான் வேண்டுமென்றே விட்டுவைத்த அந்த மாதிரி ஓட்டைகளில் யாராவது ஆளை நுழைத்தால் அவர் முகம் வாடிவிடும், நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

இன்னொன்று, அவர் அந்த வாரம் எந்த ஊரில் இருக்கிறார்? அவள் அதை யோசிக்கவே இல்லை. "அவங்க செயலாளர்கிட்ட கேளு" என்றேன். தயங்கினாள், அந்த நேரத்துக்கு ஒரு மெசேஜ் போடலாமா என்று. போடலாம், பதில் காலையில் வந்தாலும் பரவாயில்லை. ஒரே வரி போதும்: "மேடம் 14-லிருந்து 16 வரை பெங்களூருவில் இருப்பாங்களா?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சனிக்கிழமை லண்டன் கிளம்புகிறார், அடுத்த வெள்ளிதான் திரும்புகிறார்.

அவ்வளவுதான், வியாழன் காலை 11:15 செத்துப்போனது. அக்டோபர் நடுவில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே 11:15 என்றால் அங்கே காலை 6:45. காலெண்டரில் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். செவ்வாய் பிற்பகல் 2:30 அங்கே காலை 10 மணி, அது நன்றாகவே இருக்கிறது. இரண்டாவதை வியாழன் மாலை 6:00 என்று மாற்றினோம், அங்கே பிற்பகல் 1:30. அவருக்கு ஒன்று காலை, ஒன்று மதியத்துக்குப் பிறகு.

லண்டன் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். அங்கே அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். ஒரு வருடம் அந்த ஞாயிறுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து, ஞாயிறு தாண்டி வரும் செவ்வாய்க்கிழமைக்கு நாலரை மணி நேரக் கணக்கிலேயே ஒருவருக்கு "நம் நேரம் 2:30, அங்கே காலை 10" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நம் 2:30 என்பது அங்கே காலை 9 மணி. என் அதிகாரி ஹோட்டலிலிருந்து காரில் ஏறிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் ஐந்து பேர் கேமராவைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அழைப்பு அனுப்பும்போது காலெண்டர் தானாக மாற்றிக்கொள்ளும், ஆனால் மெயிலில் கையால் எழுதும் நேரத்தை எந்த மென்பொருளும் திருத்தித் தராது. அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும் நாட்கள். அந்த வாரங்களில் கேட்பதாக இருந்தால் ஊர் பெயரைத் தட்டி அந்தத் தேதிக்கான நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இன்றைய வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எழுதுவது

இப்போது மெயில். பொருள் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் படிப்பது ஃபோனில். காலை எட்டரைக்கு வெளி வட்டச் சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அந்த லிஸ்டில் பொருள் வரியின் முதல் ஐந்தாறு வார்த்தைதான் தெரியும், மீதி வெட்டப்பட்டிருக்கும். அதனால் கேட்பது முன்னால் வரணும். "மீட்டிங் ரெக்வெஸ்ட்" என்று போட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, அப்படி அவருக்கு ஏற்கெனவே பல மெயில்கள் இருக்கும். எத்தனை நிமிடம், எந்தத் தேதிக்குள், எதைப் பற்றி என்ற மூன்றும் அந்த ஐந்தாறு வார்த்தையில் இருக்க வேண்டும். பொருள் வரிக்குக் கீழே மெயிலின் முதல் வரியும் லேசாகத் தெரியும், அந்த இடத்தை "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்பதற்குக் கொடுத்துவிட்டால் அவர் திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்தை நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

அழைக்கும் விதத்தில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. நம்மைவிட இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கை வராது. ஆனால் இங்கே பல ஐடி கம்பெனிகளில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்கள், அங்கே நீங்கள் மட்டும் "மதிப்பிற்குரிய மேடம்" என்று ஆரம்பித்தால் வெளி ஆள் எழுதிய மாதிரி இருக்கும். அதே ஊரில் அரசு அலுவலகத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ பெயரை மட்டும் எழுதினால் தப்பு, அங்கே சார், மேடம், டாக்டர், புரொஃபசர்தான். உங்கள் மேனேஜர் அவருக்கு எழுதிய பழைய மெயில் ஒன்றைத் திறந்து அவர் எப்படி அழைத்திருக்கிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். அண்ணன் மகள் அப்படிப் பார்த்துவிட்டுப் பெயரையே போட்டாள்.

கடைசியில் போன மெயில் இது:

> பொருள்: 15 நிமிடம், அக். 17-க்குள்: பழைய ரிப்போர்ட்டை நிறுத்துவது
>
> (அவர் பெயர்), வணக்கம்.
>
> பழைய ரிப்போர்ட்டை நவம்பரிலும் ஓட்டுவதா, அக்டோபர் 31-ஓடு நிறுத்துவதா என்று உங்கள் முடிவு வேண்டும். ஃபைனான்ஸ் ஓட்டச் சொல்கிறது, ஆபரேஷன்ஸ் நிறுத்தச் சொல்கிறது. ஓட்டுவதானால் சர்வரை நீட்டிக்க அக்டோபர் 17-க்குள் சொல்லியாக வேண்டும்.
>
> இதைப் பற்றி 15 நிமிடம் ஃபோனில் பேச முடியுமா?
>
> 1. செவ்வாய், அக்டோபர் 14, பிற்பகல் 2:30 (லண்டன் காலை 10:00)
> 2. வியாழன், அக்டோபர் 16, மாலை 6:00 (லண்டன் பிற்பகல் 1:30)
>
> 1 அல்லது 2 என்று மட்டும் பதில் அனுப்பினால் போதும், அழைப்பை நான் அனுப்பிவிடுகிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்கள் செயலாளர் சொல்லும் நேரத்துக்கு வருகிறேன்.
>
> நன்றி,
> (பெயர்), ரிப்போர்ட்டிங் டீம்

மேனேஜரும் செயலாளரும் காப்பியில். செயலாளரைக் காப்பியில் வைப்பது ஏன் என்றால், அந்த அம்மா காரிலேயே "1" என்று தட்டிவிட்டு மறந்துவிட்டாலும் காலெண்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கும். அதோடு, தனக்குத் தெரியாமல் நேரம் பேசப்பட்டால் செயலாளருக்குக் கஷ்டம், அது எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்த மெயிலில் இல்லாதவற்றையும் பாருங்கள். இரண்டு வருட அனுபவம் இல்லை, கையெழுத்தில் டீம் பெயர் இருப்பதே போதும். தொந்தரவுக்கு மன்னிப்பு இல்லை, அவர் வேலையில் அவர் எடுக்க வேண்டிய முடிவைக் கேட்பது தொந்தரவு ஆகாது. அந்த இடத்தில் மெயில் சின்னதாக இருப்பதுதான் மரியாதை. இணைப்பு எதுவும் இல்லை. அவள் பன்னிரண்டு ஸ்லைடு ஒன்றைச் சேர்க்கப் பார்த்தாள், இணைப்பைப் பார்த்தால் "இதைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லணும் போல" என்று மனம் தள்ளிப்போடும், அதை அழைப்போடு அனுப்பிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டோம்.

நேரம் எழுதியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். கிழமையும் தேதியும் இரண்டும் இருக்கின்றன. "அடுத்த செவ்வாய்" என்று எழுதினால் நம்மில் பாதி பேருக்கு அது வருகிற செவ்வாய், மீதி பேருக்கு அதற்கும் அடுத்தது. மாதம் எழுத்தில் இருக்கிறது, 10/11 என்று எண்ணில் எழுதினால் ஒருவருக்கு நவம்பர் 10, அமெரிக்காவில் இருந்து வந்தவருக்கு அக்டோபர் 11. வெறும் "6 மணி" என்று விடாமல் மாலை என்று போட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று அனுப்பும் முன் ஒரு தடவை காலெண்டரில் விரல் வைத்துப் பாருங்கள். "புதன், அக்டோபர் 14" என்று தப்பாகப் போய்விட்டால் அவர் எதை நம்புவது என்று கேட்டு இன்னொரு மெயில் எழுத வேண்டும், எழுத மாட்டார்.

ராத்திரி பதினொன்றுக்கு எழுதி முடித்தோம். அப்போதே அனுப்பினால் காலைக்குள் அதன் மேல் வேறு மெயில்கள் ஏறிவிடும். Schedule send போட்டு வெள்ளி காலை 8:40-க்கு வைத்தாள், அவர் காரில் இருக்கும் நேரம்.

அனுப்பும் முன்பே அவள் தன் காலெண்டரில் அந்த இரண்டு நேரத்தையும் அடைத்துவிட்டாள், தனக்கு மட்டும். மேடத்துக்கு அழைப்பு போடவில்லை. பதில் வரும் முன்பே இரண்டு அழைப்பை அனுப்பிவிடுவது சிலருக்கு வழக்கம், "எது வேண்டுமோ ஏற்றுக்கொள்ளட்டும்" என்று. அவுட்லுக் அந்த அழைப்புகளை அவர் பார்ப்பதற்கு முன்பே அவர் காலெண்டரில் தற்காலிகமாக ஏற்றிவிடும், கேட்காமலே அவருடைய இரண்டு நேரத்தை எடுத்துக்கொண்ட மாதிரி. உங்கள் சக ஊழியர்களோடு அப்படிச் செய்யலாம், மூன்று படி மேலே வேண்டாம்.

பதில் வராவிட்டால்

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனி அவர் விமானத்தில். ஞாயிறு ராத்திரி அவளுக்குப் பொறுக்கவில்லை, "அத்தை, வாட்ஸப்பில் கேட்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். மெயிலில் கேட்டதை அவருடைய சொந்த ஃபோனுக்குத் துரத்திக்கொண்டு போனால் அதுவரை விஷயத்தை மட்டும் தள்ளிப்போட்டவர் உங்களையே ஒதுக்க ஆரம்பித்துவிடுவார். சர்வர் விழுந்துவிட்டது மாதிரி ஒன்றுக்கு மட்டும் அது சரி.

திங்கள், 13-ம் தேதி மதியம் 2 மணிக்கு, அதாவது லண்டனில் காலை 9:30-க்கு, அதே மெயில் தொடரில் பதிலாக இரண்டு வரி போகச் சொன்னேன். புது மெயிலாக ஆரம்பிக்கக் கூடாது, பழையது கீழே இருந்தால் அவர் தேட வேண்டியதில்லை. அவள் "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?" என்று ஆரம்பித்தாள், அதை எடுத்துவிட்டோம், படித்தால் பார்க்கவில்லையே என்று குற்றம் சொல்கிற மாதிரி இருக்கும். போனது இது:

> செவ்வாய் நேரம் மிக நெருங்கிவிட்டதால் மாற்றிச் சொல்கிறேன்: 1. புதன், அக்டோபர் 15, பிற்பகல் 2:30 (லண்டன் காலை 10:00), 2. வியாழன், அக்டோபர் 16, மாலை 6:00 (லண்டன் பிற்பகல் 1:30). முடிவு 17-க்குள் தேவைப்படுகிறது.

நினைவூட்டலில் எப்போதும் உயிரோடு இருக்கும் இரண்டு நேரம் இருக்க வேண்டும். வெளியூரில் இருப்பவருக்கு ஒரு நாளுக்குள் வரும் நேரத்தை நான் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மெயிலிலிருந்து எடுத்துவிட்டாலும் செவ்வாய் நேரத்தைத் தன் காலெண்டரில் விடாமல் வைத்திருக்கச் சொன்னேன், ஏனென்றால் அவர் மேலே இருக்கும் புது வரியைப் பார்க்காமல் கீழே இருக்கும் பழைய மெயிலுக்கு "1" என்று பதில் போடலாம். அப்படி வந்தால் எந்த 1 என்று திருப்பிக் கேட்காமல் பதிலிலேயே கிழமையையும் தேதியையும் எழுதி உறுதி செய்துவிட வேண்டும்.

ஒரு நினைவூட்டல்தான். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது மெயில் எழுதாமல் செயலாளரைக் கூப்பிடுங்கள், "17-ம் தேதி கெடு இருக்கு, பத்து நிமிஷம் எங்கேயாவது நுழைக்க முடியுமா?" என்று. கெடுவை மெயிலிலேயே சொல்லியிருப்பதால் செயலாளருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு காரணம் இருக்கும்.

அவளுக்கு அதற்கு அவசியம் வரவில்லை. திங்கள் மாலையே பதில் வந்தது: "வியாழன் சரி. 10 நிமிடம் போதுமா?" அவள் என்னைப் பார்த்தாள். போதும் என்றுதான் சொல்லணும், 15 கேட்டு 10 கிடைப்பது சகஜம், அதனால்தான் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அடம்பிடித்தேன். "போதும், நன்றி, அழைப்பு அனுப்புகிறேன்" என்று ஐந்து நிமிடத்தில் பதில் போட்டாள்.

பிறகு அழைப்பு. 6:00-லிருந்து 6:10, அவர் ஒப்புக்கொண்டது பத்து நிமிடம், காலெண்டர் தானாகப் போடும் அரை மணியை அப்படியே விட்டுவிடாதீர்கள். தலைப்பில் அதே கேள்வி. விவரத்தில் ஃபோன் இணைப்பும், பன்னிரண்டு ஸ்லைடுக்குப் பதிலாக ஒரே பக்கமும்: ஓட்டினால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும், அந்த இரண்டு பேர் வேறு எந்த வேலையை விட வேண்டிவரும், அவள் டீம் எதைப் பரிந்துரைக்கிறது. அழைப்பு போனதும் செவ்வாய், புதன் இரண்டையும் தன் காலெண்டரிலிருந்து எடுத்துவிட்டாள்.

வியாழன் மாலை மாரத்தஹள்ளி ஆபீசில் ஒரு சின்ன ரூமை 5:45-லிருந்தே பிடித்து வைத்திருந்தாள். அந்த அம்மா 6:03-க்கு லைனில் வந்தார், ஒரு பக்கத்தை ஏற்கெனவே படித்திருந்தார், நினைத்த மாதிரியே அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் கேட்டார். நவம்பர் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஓட்டுங்கள், ஃபைனான்ஸிலிருந்து ஒரு ஆளை நான் தரச் சொல்கிறேன் என்று முடிவு சொன்னார். அவள் ரூமிலிருந்து எழுந்திருக்கும் முன்பே அதே மெயில் தொடரில், ஃபைனான்ஸையும் ஆபரேஷன்ஸையும் சேர்த்து, இரண்டு வரி அனுப்பினாள்: பழைய ரிப்போர்ட் நவம்பர் 14 வரை ஓடும், ஃபைனான்ஸிலிருந்து ஒருவர் வருவார், சர்வரை நீட்டிக்க நாளை சொல்லிவிடுகிறோம். சப்ளையருக்கு வெள்ளி காலை மெயில் போனது, ராத்திரி மடிவாளாவில் அவள் மதுரை பஸ் ஏறினாள்.